டிக் அடித்தால் போதுமா?

நோயாளியின் பெயர் என்ன, எந்தப் பக்கம் அறுவை, எந்த மருந்து ஒவ்வாது? மயக்க மருந்து கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளியை வெளியே கொண்டுபோகும் முன் என மூன்று கட்டங்களில் அரங்கிலிருப்பவர்கள் கைவேலையை நிறுத்தி, இப்படி 19 விஷயங்களை வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட ஒரு பக்கப் பட்டியல் இது. புது தில்லி, லண்டன், மணிலா உள்ளிட்ட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் சோதித்தபோது, அறுவைக்குப் பிந்தைய இறப்பு நூற்றுக்கு 1.5-இலிருந்து 0.8 ஆகக் குறைந்தது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2010-இல் தன் மருத்துவமனைகள் இதைப் பின்பற்றும் அளவைப் பொதுவில் அறிவிக்க வேண்டும் என்றது. கிட்டத்தட்ட எல்லா அறுவைகளிலும் பட்டியல் பயன்படுவதாகவே மருத்துவமனைகள் தெரிவித்தன. ஆனால் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014-இல் வந்த ஆய்வில், இறப்பு விகிதம் குறிப்பிடும்படி மாறவில்லை.

ஏன்? பட்டியலுக்கு முன்னும் பின்னும் மூன்று மூன்று மாதங்களை மட்டுமே அந்த ஆய்வு ஒப்பிட்டது. அங்கே இறப்பு முன்பே குறைவு. இவை ஒருபுறம். மறுபுறம், எல்லா மருத்துவமனைகளுக்கும் பொதுவான பயிற்சித் திட்டம் எதுவும் இருக்கவில்லை. தாளில் டிக் விழுந்ததை எண்ணலாம். வேலையை நிறுத்திப் பேசினார்களா என்பது அந்த எண்ணிக்கையில் தெரியாது.

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் வேறு வழியில் போயின. முதல் இரண்டு மாதங்கள் ஒவ்வொரு மருத்துவமனையின் குழுவோடும் உட்கார்ந்து திட்டமிட்டார்கள். பிறகு ஒருநாள் பயிற்சி. அன்று அறுவை அரங்கையே மூடி, அறுவை மருத்துவர், மயக்கவியல் மருத்துவர், செவிலியர் எல்லோரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்தார்கள். தவறு கண்ணில் பட்டால் மூத்த மருத்துவரிடமும் தயங்காமல் சொல்வதும், அறுவைக்கு முன்னும் பின்னும் கூடிப் பேசுவதும் அங்கே பாடம். அதன்பின் ஓராண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, எது நடக்கிறது, எது சிக்குகிறது என்று கேட்டார்கள்.

பின்னூட்டத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் இடமுண்டு. கருவிகளில் ஏதேனும் கோளாறு உண்டா என்று கடைசிக் கட்டத்தில் கேட்கச் சொல்கிறது. செவிலியர் சொன்ன பழுதான கருவி அடுத்த வாரமும் அப்படியே மேசைக்கு வந்தால், அதற்கடுத்த முறை அவர் வாய் திறக்கமாட்டார். யார், எத்தனை நாளில் சரிசெய்வது என்பதையும் திட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

பயிற்சி பெற்ற 74 மருத்துவமனைகளில் ஆண்டு இறப்பு விகிதம் 18 விழுக்காடு குறைந்ததாக 2010-இல் வந்த ஆய்வு சொல்கிறது. இன்னும் பயிற்சி பெறாத 34 இடங்களில் குறைந்தது 7 விழுக்காடு. பயிற்சித் திட்டம் நீடித்த ஒவ்வொரு காலாண்டுக்கும் ஆயிரம் அறுவைக்கு 0.5 என்ற அளவில் இறப்பு மேலும் இறங்கியது.