நேரலை இரண்டு மணி நேரம், வேலை ஏழு மணி நேரம்: இணையவழி நிகழ்ச்சித் தொகுப்பாளருக்கு எதற்குச் சம்பளம்?

நெல்லைப் பக்கம் ஒரு கல்லூரித் துறை நடத்தும் இணையவழிக் கருத்தரங்கு பெரும்பாலும் தமிழ்த்தாய் வாழ்த்தோடுதான் தொடங்கும். தொகுப்பாளர் பாட்டைப் போடுகிறார். அவர் காதில் நன்றாகக் கேட்கிறது. மற்றவர்களுக்கோ 55 நொடியும் நிசப்தம். Zoom-ல் திரையைப் பகிரும்போது Share sound என்ற கட்டத்தில் டிக் அடிக்காமல் விட்டதுதான் காரணம். பாட்டு தன் கணினியில் ஒலிப்பதால், யாராவது சொல்லும்வரை தொகுப்பாளருக்கு இது தெரியவே தெரியாது.

தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்த 2021 டிசம்பர் அரசாணை, இசைத்தட்டைப் போடாமல் வாய்ப்பாட்டாகப் பாடச் சொல்கிறது. அதை எழுதிய மனோன்மணியம் சுந்தரனார் பெயரிலேயே பல்கலைக்கழகம் இருக்கும் ஊரில் அப்படிப் பாடுவதுதான் அழகு. ஆனால் மூன்று மாணவியர் மூன்று வீடுகளிலிருந்து சேர்ந்து பாட முடியாது. ஒலி ஒவ்வொரு இணைப்பிலும் வெவ்வேறு தாமதத்தில் வந்து சேரும். ஒருவர் மட்டும் பாட வேண்டும். அவரும் Original sound for musicians என்பதை இயக்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நீண்ட சுரங்களை இரைச்சல் என்று எண்ணி மென்பொருள் வெட்டிவிடும்.

இதையெல்லாம் முந்தைய நாள் ஒத்திகையில்தான் கண்டுபிடிக்க முடியும். வெபினார் வகையில் Practice Session என்ற வசதி உண்டு. Start Webinar பொத்தானை அழுத்தும்வரை பார்வையாளர்கள் உள்ளே வர முடியாது. பேச்சாளர்களும் தொகுப்பாளரும் மட்டும் பேசிப் பார்க்கலாம். தொகுப்பாளர் தன் கைபேசியையும் ஒரு பேனலிஸ்டாகச் சேர்த்து, அடுத்த அறையில் ஒருவரிடம் கொடுத்துக் கேட்கச் சொல்வது நல்லது. ஒரே அறையில் வைத்தால் ஊளையிடும். பேச்சாளர் ஆப்பிள் கணினி வைத்திருந்தால், திரையைப் பகிர முதன்முறை அனுமதி கொடுத்துவிட்டு Zoom-ஐ மூடித் திறக்க வேண்டியிருக்கும். அது ஒத்திகையில் நடந்தால் யாரும் கவனிக்கப்போவதில்லை; நேரலையில் நடந்தால் தலைமையுரையே நின்றுபோகும்.

அடுத்தது மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்புக்காக எந்தத் துணைமின் நிலையத்தில் என்றைக்கு மின்தடை என்று நாளிதழ்களில் அறிவிப்பு வரும். தேதியை உறுதி செய்யும் முன் அதைப் பார்க்க வேண்டும். கணினிக்கு மட்டும் யு.பி.எஸ். வைத்துவிட்டு ரௌட்டரை மறப்பவர்கள் அதிகம். ஒத்திகையின்போதே மெயினை அணைத்து, இணைப்பு நிற்கிறதா என்று பார்த்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இதுவும் போதாது. வேறொரு ஊரிலிருந்து ஒருவரை co-host ஆக்கி, நிகழ்ச்சி நிரலின் பிரதியை அவரிடமும் கொடுத்து வைக்க வேண்டும்.

எழுத்துப் பணியில் அதிக நேரம் தின்பது பேச்சாளர் அறிமுகம். அவர் அனுப்பும் தன்விவரம் இரண்டு பக்கம் இருக்கும். அதில் அன்றைய தலைப்புக்குத் தொடர்பான மூன்று செய்திகளை எடுத்து, ஒரு நிமிடத்துக்குள் அடங்குகிறதா என்று உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும். பெயரையும் ஊரையும் எப்படி உச்சரிப்பது என்று அவரிடமே கேட்டுவிடுவது மரியாதை. இன்னொரு தாளில், பேச்சாளரின் இணைப்பு அறுந்தால் சொல்ல இரண்டு நிமிடச் செய்தியும், யாரும் கேள்வி கேட்காவிட்டால் கேட்க இரண்டு கேள்விகளும் தயாராக இருக்க வேண்டும். என் பார்வையில், ஒரு தொகுப்பாளரின் தரம் இந்த இரண்டாவது தாளில்தான் தெரியும்.

இனி சம்பளக் கணக்கு. வானொலியில் தற்காலிக அறிவிப்பாளர்களுக்கு டூட்டிக் கணக்கில்தான் சம்பளம். மைக் முன்னால் பேசிய நிமிடங்களை யாரும் எண்ணுவதில்லை. இணையத்திலும் அப்படித்தான் கேட்க வேண்டும். “ரெண்டு மணி நேரந்தானே” என்பவரிடம் கணக்கை மின்னஞ்சலில் எழுதிக் காட்டலாம். எழுத்துப் பணி மூன்று மணி நேரம், ஒத்திகை ஒரு மணி, அன்றைக்கு முன்கூட்டியே நுழைந்து காத்திருப்பதும் முடிந்தபின் வேலைகளும் ஒரு மணி, நேரலை இரண்டு மணி. மொத்தம் ஏழு. மணிக்கு 500 ரூபாய் என்று வைத்தால் 3,500 ரூபாய். அனுபவத்துக்கேற்ப மணிக்கூலி மாறும்; மணிகள் அவ்வளவாக மாறாது. இதனால், ஒத்திகை முடிந்தபின் நிகழ்ச்சி ரத்தானால் என்ன கிடைக்கும் என்பதும் தெளிவாகிவிடுகிறது: எழுத்துக்கும் ஒத்திகைக்கும் உரிய நான்கு மணி நேரக் கூலி, 2,000 ரூபாய். ஏறக்குறைய அதே தொகையை முன்பணமாகக் கேட்பது நியாயம்.

ஒரே நிறுவனம் ஓர் ஆண்டில் தொழில்முறைக் கட்டணமாக 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கும். பான் எண் கொடுக்காவிட்டால் பிடித்தம் 20 சதவீதமாகிவிடும். பிடித்த தொகையை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம். பதிவை யூடியூபில் ஏற்றுவார்களா, உங்கள் குரலை வெட்டி விளம்பரத்துக்கு எடுப்பார்களா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டு, விளம்பரத்துக்குத் தனித் தொகை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.