வகுப்புக் கட்டணக் கணக்கேடு

வீட்டிற்கு வந்து கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், சனிக்கிழமைதோறும் ஒரு மாணவனுக்குப் பிரத்தியேக வகுப்பு நடத்துகிறார். ஒரு வகுப்பிற்குக் கட்டணம் 40 ரிங்கிட். மார்ச் மாதத்தில் நான்கு சனிக்கிழமைகள் இருந்ததால், மாணவனின் தாயார் மாதத் தொடக்கத்திலேயே 160 ரிங்கிட் செலுத்தினார்.

11ஆம் தேதி ஆசிரியைக்குக் காய்ச்சல் கண்டதால் வகுப்பு ரத்தானது. அதற்கு ஈடாக, 15ஆம் தேதி மாற்று வகுப்பு நடந்தது. 25ஆம் தேதி மாணவனின் குடும்பத்தினர் வெளியூர் சென்றனர். முன்கூட்டியே தெரிவித்திருந்ததால், அன்றைய கட்டணத்தை ஏப்ரலில் கழித்துக்கொள்ள ஆசிரியை இசைந்தார்.

ஏப்ரலில் ஐந்து சனிக்கிழமைகள். கட்டணம் 200 ரிங்கிட். தாயாரோ, "இரண்டு வகுப்புகள் ரத்தாயினவே! 80 ரிங்கிட் கழியாதா, டீச்சர்?" என்று கேட்டார்.

ஆசிரியை கணக்கேட்டைக் காட்டினார். 11ஆம் தேதிக்குரிய வரியில், 'ரத்து. 15இல் மாற்று வகுப்பு நடந்தது' என்றும், 25ஆம் தேதிக்குரிய வரியில், 'ரத்து. 40 ரிங்கிட் ஏப்ரலுக்கு' என்றும் எழுதப்பட்டிருந்தன. ரத்தான வகுப்பிற்கு மாற்று வகுப்பு அல்லது கட்டணக் கழிவு, இரண்டில் ஒன்றுதான் உண்டு. மாற்று வகுப்பைத் தனி வரியில் எழுதியிருந்தால், அதைப் புதிய வகுப்பென்று எண்ணிக் கூடுதல் கட்டணம் கேட்கவும் நேர்ந்திருக்கும்.

கணக்கைச் சரிபார்ப்பதும் எளிது. மார்ச்சில் நடந்த மூன்று வகுப்புகளுக்கு 120 ரிங்கிட். மிச்சம் 40 ரிங்கிட். இரண்டையும் கூட்டினால், செலுத்திய 160 ரிங்கிட் வருகிறது.

தாயார் ஏப்ரலுக்கு 160 ரிங்கிட் கொடுத்தார். ஆசிரியை ஏப்ரல் பக்கத்தின் முதல் வரியில், 'மார்ச் மிச்சம் 40 ரிங்கிட் கழிக்கப்பட்டது' என்று எழுதினார். அவ்வாறு எழுதாவிட்டால், அதே தொகை மே மாதத்தில் மீண்டும் கழிக்கப்படக்கூடும்.