மழைக்காலம் தவறினால் ஓராண்டு போயிற்று

முனைவர் பட்ட மாணவர்கள் கால நீட்டிப்புக் கேட்டு எழுதும் கடிதங்களில் பெரும்பாலும் வருத்தம் நிறைய இருக்கும், கணக்கு இருக்காது. குழுவுக்குத் தேவை கணக்குதான்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் தவளைகளை ஆராயும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அவருக்கு இரண்டு தென்மேற்குப் பருவமழைக் காலங்களின் தரவு வேண்டும். முதல் மழைக்காலம் முடிந்தது. இரண்டாவதற்கு, புலிகள் காப்பகத்துக்குள் செல்ல வனத்துறையின் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். பிப்ரவரியில் விண்ணப்பித்தார். ஜூனுக்குள் வந்திருக்க வேண்டிய உத்தரவு செப்டம்பர் கடைசியில்தான் கைக்கு வந்தது. அதற்குள் அவர் தேடிய இனங்களின் இனப்பெருக்கக் காலம் முடிந்துவிட்டது.

"அனுமதி நான்கு மாதம் தாமதமானது" என்று மட்டும் எழுதினால், நான்கு மாதம்தானே என்றுதான் குழு நினைக்கும். இழந்தது நான்கு மாதமல்ல, ஓராண்டு. அதைச் சொல்லும் பத்திதான் கடிதத்தின் உயிர்:

"ஆண் தவளைகளின் ஒலியைக் கொண்டே கணக்கெடுப்பதால், ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டுமே களப்பணி இயலும். அடுத்த வாய்ப்பு வரும் ஜூனில்தான். எனவே என் திட்டம் 12 மாதம் தள்ளிப்போகிறது. முன்பு போட்ட திட்டத்தில் கடைசித் தேதிக்கு முன் 4 மாத இடைவெளி இருந்தது. அதைக் கழித்து, 8 மாத நீட்டிப்பு வேண்டுகிறேன்."

இந்த எட்டை யாரும் சரிபார்க்கலாம். பயந்துகொண்டு ஆறு மாதம் கேட்டுவிட்டு, பிறகு இன்னொரு ஆறு மாதத்துக்கு வந்து நிற்பவர்மேல் குழுவுக்கு நம்பிக்கை குறையும்.

விண்ணப்பம் பெற்றதற்கான ஒப்புகைச் சீட்டு, அனுமதி உத்தரவு ஆகியவற்றின் நகல்களை இணைத்தால் தாமதம் யாரால் என்பதைத் தேதிகளே சொல்லிவிடும். வனத்துறையைக் குறைகூற வேண்டியதில்லை. காத்திருந்த மாதங்களில் எழுதி முடித்த இயல்களையும் குறிப்பிட வேண்டும். அவர் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

கடிதம் நெறியாளர் வழியாகத்தான் போக வேண்டும். அதற்கு முன் அவரை நேரில் பார்த்து, "சார், இந்த சீசன் போச்சு, கமிட்டியில் எப்படி வைக்கலாம்?" என்று கேட்டுவிடுவது நல்லது. அரையாண்டுக் கூட்டத்தில் மாணவிக்காகப் பேசப்போகிறவர் அவர்தான்.

யுஜிசியின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, சேர்ந்த நாளிலிருந்து அதிகபட்சம் 6 ஆண்டுகள். மறுபதிவு செய்து மேலும் 2 ஆண்டுகள் வரை பெறலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டுகள் தர இடமுண்டு. ஆனால் உதவித்தொகைக்கு இது பொருந்தாது. ஜேஆர்எஃப் பெறுபவருக்கு அது மொத்தம் 5 ஆண்டுகளோடு நின்றுவிடும். நீட்டித்த மாதங்களின் செலவுக்கு அவர் வேறு வழி பார்த்தாக வேண்டும்.

குழு ஒப்புக்கொண்டால், கூட்டக் குறிப்பின் நகலைக் கையோடு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஆய்வேட்டைத் தாக்கல் செய்யும் நாளில் அலுவலகம் கேட்கக்கூடிய காகிதம் அது.