புத்தம்புது ஃபைலைப் பிடித்திருப்பது யார்?

கடைகளுக்கான ஒரு பில்லிங் மென்பொருள் விண்டோஸ் கணினியில் உருவாகிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 40 நிரல்கள். 26 நல்லபடியாக முடிந்துவிட்டன. 27-வதில் வேலை நின்று, திரையில் இந்த வரி வருகிறது:

```
mt.exe : general error c101008d: Failed to write the
updated manifest to the resource of file "bill.exe".
Access is denied.
```

அனுமதி மறுக்கப்பட்டது என்கிறது விண்டோஸ். ஆனால் அந்த ஃபைலை உருவாக்கியதே இந்தப் பயனர்தான், அதுவும் ஒரு நொடிக்கு முன்பு. நிரலில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் மறுபடி பில்டு கொடுத்தால் 27-வது தடையின்றிக் கடந்துபோகிறது. சில சமயம் 33-வதில் நிற்கிறது.

காரணத்தைப் பிடிக்க, ஒரு எக்ஸிக்யூட்டபிள் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். மனிதர் எழுதிய நிரலை கம்பைலர் துண்டு துண்டாக இயந்திர மொழிக்கு மாற்றுகிறது. லிங்கர் அந்தத் துண்டுகளை இணைத்து bill.exe என்று எழுதி, ஃபைலை மூடுகிறது. விஷுவல் ஸ்டுடியோ 2005, 2008 காலத்துப் பில்டுகளில் இதற்குப் பிறகு இன்னொரு படி உண்டு. நிரலுக்கு எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு வேண்டும் என்பது போன்ற விவரங்களைச் சொல்லும் மேனிஃபெஸ்ட் என்ற குறிப்பை, mt.exe என்ற கருவி அதே ஃபைலைத் திறந்து உள்ளே பதிக்கும். அதாவது எழுதி மூடிய ஃபைல் உடனடியாக மறுபடி எழுதுவதற்காகத் திறக்கப்படுகிறது. சிக்கல் நடப்பது இந்த இடைவெளியில்தான்.

ஆன்டிவைரஸின் ஒரு பகுதி ஃபைல் அமைப்புக்குள்ளேயே வடிகட்டி போல உட்கார்ந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரில் அதன் பெயர் WdFilter.sys. ஃபைல்கள் திறக்கப்படுவதையும் மூடப்படுவதையும் அது கவனிக்கிறது. ஆராயும் வேலையை MsMpEng.exe செய்கிறது. ஏற்கெனவே பார்த்த, அதன் பிறகு மாறாத ஃபைலை அது மறுபடி துருவ வேண்டியதில்லை. ஆனால் லிங்கர் இப்போதுதான் எழுதிய bill.exe அதற்கு முன்பின் தெரியாத ஃபைல். இயங்கக்கூடிய, கையொப்பமில்லாத, இதுவரை எங்கும் காணப்படாத ஃபைலைச் சந்தேகத்தோடு பார்ப்பதுதான் அதன் கடமை. ஆகவே லிங்கர் கையை எடுத்ததும் ஆன்டிவைரஸ் திறந்து படிக்கிறது. அதே கணத்தில் mt.exe எழுத வருகிறது.

படிப்பவர் எழுதுபவரை ஏன் தடுக்க வேண்டும்? விண்டோஸில் ஒரு ஃபைலைத் திறக்கும் ஒவ்வொரு நிரலும், ‘நான் வைத்திருக்கும்வரை மற்றவர்கள் படிக்கலாமா, எழுதலாமா, அழிக்கலாமா’ என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அலுவலகப் பதிவேட்டை ஒருவர் சரிபார்க்கும்போது மற்றவர் எட்டிப் படிக்கலாம், பேனாவை வைக்கக் கூடாது என்பது போல. இந்த நிபந்தனை மோதினால் 32 என்ற பிழை எண் வரும்: வேறொரு ப்ராசஸ் இந்த ஃபைலைப் பயன்படுத்துகிறது என்று அது வெளிப்படையாகவே சொல்லும். லினக்ஸில் ஃபைலைத் திறப்பதோடு இப்படிப்பட்ட கட்டாய நிபந்தனை வருவதில்லை.

குழப்புவது 5 என்ற எண். ‘அனுமதி மறுப்பு’ அதுதான். பில்டு கருவிகள் பழைய ஃபைலை அழித்துவிட்டு அதே பெயரில் புதியதை எழுதுவது வழக்கம். அழிக்கச் சொன்ன நேரத்தில் வேறொருவர் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருந்தால், அது ‘அழிய இருக்கிறது’ என்ற நிலையில் தொங்கும். கடைசியாக வைத்திருப்பவர் விடும்வரை அந்தப் பெயர் காலியாகாது. அதற்குள் அதே பெயரில் திறக்க முயன்றால் வரும் பதில் 5. விண்டோஸ் 10-இன் பிற்காலப் பதிப்புகளில் இந்தத் தொங்கல் பெரிதும் குறைந்திருக்கிறது. ஆனால் ஆராய்வதற்காக ஒரு எக்ஸிக்யூட்டபிள் நினைவகத்தில் ஏற்றப்பட்டிருக்கும்போதும் அழிக்கும் முயற்சி இதே எண்ணோடு தோற்கலாம். இரண்டிலும் உரிமைக்கு வேலையில்லை. அதனால்தான் நிர்வாகியாக இயக்கிப் பார்த்தாலும், ஃபோல்டரின் அனுமதிகளை மாற்றினாலும் பயன் கிடைப்பதில்லை.

இதே பிழையை வேறு காரணங்களும் தரும் என்பதால் பிரித்துப் பார்ப்பது முக்கியம். bill.exe ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் லிங்கரே LNK1104 என்று நிற்கும். நிரலை மூடும்வரை ஒவ்வொரு முறையும் நிற்கும். ஃபோல்டரில் உண்மையிலேயே உரிமை இல்லையென்றால் எப்போதும் ஒரே இடத்தில் தோற்கும். ஆன்டிவைரஸ் அதை வைரஸ் என்று முடிவு செய்திருந்தால் ஃபைலே காணாமல் போயிருக்கும். டிஃபெண்டரின் பாதுகாப்பு வரலாற்றில் அது பதிவாகியிருக்கும். இடம் மாறி மாறித் தோற்பதும், மறுமுறை தானாகச் சரியாவதும்தான் நேர மோதலின் அடையாளம்.

சந்தேகத்தை உறுதிசெய்ய மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ப்ராசஸ் மானிட்டர் உதவும். bill.exe என்று முடியும் பாதைகளை மட்டும் காட்டச் சொல்லிவிட்டு பில்டை ஓட்டி, தோற்ற கணத்தைச் சுற்றி வரிசையாகப் படிக்க வேண்டும். link.exe மூடுகிறது, MsMpEng.exe திறக்கிறது, mt.exe திறக்க முயல்கிறது, முடிவு SHARING VIOLATION, பிறகு MsMpEng.exe மூடுகிறது. இந்த நான்கு வரிகள் கிடைத்தால் வழக்கு முடிந்தது. நடுவில் இருப்பது தேடல் அட்டவணை தயாரிக்கும் சேவையாகவோ பேக்கப் மென்பொருளாகவோ இருந்தால் அதுவும் இங்கே தெரிந்துவிடும். ஒரு வரம்பு உண்டு. ஆன்டிவைரஸின் வடிகட்டி கீழ்மட்டத்தில் நேரடியாகத் திறப்பது இந்தக் கருவியின் கண்ணில் படாமல் போகலாம். அப்போது பில்டு ஃபோல்டரை மட்டும் ஆன்டிவைரஸின் பார்வையிலிருந்து விலக்கி, 20 முறை பில்டு ஓட்டிப் பார்ப்பதே சோதனை.

தீர்வில் முதலிடம், ஃபைலை இரண்டாம் முறை திறக்கும் தேவையையே நீக்குவதற்கு. பின்னர் வந்த லிங்கர்கள் மேனிஃபெஸ்டைத் தாங்களே பதித்துவிடும். /MANIFEST:EMBED என்ற விருப்பத்தைக் கொடுத்தால் mt.exe தேவையில்லை, மோதும் இடைவெளியும் இல்லை.

தவிர்க்க முடியாத படிகளுக்கு, சற்றுப் பொறுத்து மறுபடி முயல்வது நல்ல வழி. கிட்டின் விண்டோஸ் வடிவம் ஃபைலை அழிக்க முடியாமல் போனால் 1, 10, 20, 40 மில்லிநொடி என்று காத்திருந்து முயல்கிறது. முயற்சிகளுக்கு ஓர் எல்லை கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் உண்மையான அனுமதிக் கோளாறும் மறைந்துபோகும்.

மூன்றாவது வழி விலக்கு. நிர்வாகி உரிமையோடு திறந்த பவர்ஷெல்லில் இந்தக் கட்டளை போதும்:

```
Add-MpPreference -ExclusionPath "D:\billing\out"
```

இங்கே அளவு முக்கியம். விலக்க வேண்டியது பில்டின் வெளியீட்டு ஃபோல்டரை மட்டுமே. வெளியிலிருந்து வரும் நூலகங்கள் இறங்கும் ஃபோல்டரையோ D டிரைவ் முழுவதையுமோ விலக்கினால், தீங்கான நிரல் ஒளிய நாமே இடம் ஒதுக்கிக் கொடுத்ததாகிவிடும். விண்டோஸ் 11-இல் டெவ் டிரைவ் என்ற தனிப் பகுதியும் உண்டு. நம்பகமானதாகக் குறிக்கப்பட்ட டெவ் டிரைவில் டிஃபெண்டர், ஃபைலைத் திறக்கும் செயலைக் காக்க வைக்காமல் பின்னர் ஆராய்கிறது. ஆனால் அது முதன்மையாக வேகத்துக்கான ஏற்பாடு. பின்னர் ஆராயும்போதும் ஃபைல் திறக்கப்படத்தான் செய்யும்.

நம் பில்லிங் மென்பொருளில் மேனிஃபெஸ்ட் வேலை லிங்கரிடம் போக, mt.exe படி நீங்குகிறது. இன்ஸ்டாலர் கட்டும் படியும் எழுதி முடித்த ஃபைலை மறுபடி திறந்து மாற்றுவதால், அதற்கு மறுமுயற்சி சேர்க்கப்படுகிறது. வெளியீட்டு ஃபோல்டர் மட்டும் விலக்கப்படுகிறது. கடைசியாக, தயாரான இன்ஸ்டாலரை விலக்கு இல்லாத ஃபோல்டருக்கு நகலெடுத்து, ஆன்டிவைரஸை முழுமையாக ஆராயச் சொல்ல வேண்டும். நடுவில் தள்ளிவைத்த அந்தச் சோதனை, ஃபைல் கடைகளுக்குப் போகும் முன் நடந்தாக வேண்டும்.