ஒரே பத்தி... மூன்று படிக் கேள்விகள்!

‘கீழ்க்காணும் பத்தியைப் படித்து வினாக்களுக்கு விடையளி.’ இந்த வரியைச் சந்திக்காமல் தமிழ்நாட்டில் யாரும் பள்ளிப் படிப்பை முடித்திருக்க முடியாது. மதிப்பெண் வாங்க இதைவிட சுலபமான பகுதி வினாத்தாளில் இல்லை என்று மாணவர்களுக்கும் தெரியும். விடைதான் கண் முன்னாலேயே இருக்கிறதே!

அந்த சுலபத்தில்தான் சிக்கல். ‘சில்லன் மொடுவத்தில் கிரிமியைத் தட்டினான்’ என்று ஒரு வாக்கியம். இதில் ‘தட்டினான்’ தவிர ஒரு சொல்லுக்கும் பொருள் கிடையாது. ஆனால், ‘கிரிமியைத் தட்டியது யார்?’ என்று கேட்டால் ‘சில்லன்’ என்று சரியாகச் சொல்லிவிடலாம். ‘எங்கே தட்டினான்?’ என்றால் ‘மொடுவத்தில்’. இரண்டுக்கு இரண்டு மதிப்பெண். புரிந்தது மட்டும் பூஜ்ஜியம்.

ஒன்பதாம் வகுப்பில் நாற்பது பேர் இருந்தால், கதைப் புத்தகங்களைத் தானாகத் தேடிப் படிக்கிற பெண்ணும் இருப்பாள். எழுத்துக்கூட்டி வாசித்து, வரி முடிவதற்குள் ஆரம்பத்தை மறந்துவிடுகிற பையனும் இருப்பான். இருவருக்கும் ஒரே கேள்வித்தாள் கொடுத்தால் ஒருத்தி ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். இன்னொருவன் பக்கத்து நோட்டைப் பார்ப்பான். அதனால் ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு குழுவைப் பிரித்து, சின்னப் பத்தியும் ஒரு வார்த்தைக் கேள்விகளும் கொடுப்பது வழக்கம். நல்ல எண்ணம்தான். ஆனால், ஆறாம் வகுப்பிலிருந்து ‘யார், எங்கே’ என்று மட்டுமே கேட்கப்பட்ட பையனிடம், ஒன்பதாம் வகுப்பு வரை ஒருமுறைகூட யாரும் ‘ஏன்’ என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

இதற்கு இன்னொரு வழி, பத்தியை எல்லோருக்கும் ஒன்றாகவே வைத்துக்கொண்டு கேள்விகளை மட்டும் மூன்று படிகளாக அமைப்பது. அமெரிக்கக் கல்வியாளர் ஹெரால்டு ஹெர்பர் 1970-ல் வெளியான தன் நூலில் இதை விரிவாக எழுதினார். வரியில் இருப்பதைப் புரிந்துகொள்வது முதல் படி. வரிகளுக்கு நடுவே சொல்லாமல் விட்டதைப் பிடிப்பது இரண்டாவது. பிடித்ததை வைத்து வரிகளைத் தாண்டி எடைபோடுவது மூன்றாவது. பிறகு வந்த டாஃபி ரஃபேல், விடை எங்கே கிடைக்கிறது என்பதை மாணவர்களுக்கே சொல்லிக்கொடுத்தார். ‘இங்கேயே இருக்கிறது’, ‘தேடிச் சேர்க்க வேண்டும்’, ‘எழுதியவரும் நானும் சேர்ந்து சொல்ல வேண்டும்’ என்ற மாதிரிப் பெயர்கள் வைத்தார். தலையணை சைஸ் கலைச்சொற்களைவிட இந்தப் பெயர்கள் ஆசிரியருக்குக் கைகொடுக்கும்.

முதலில் பத்தி

கேள்வி அமைப்பதைப் பத்தி இல்லாமல் பேசுவது, அரிசி இல்லாமல் பொங்கல் பற்றிப் பேசுவது மாதிரி. எனவே ஒரு பத்தி:

‘ஏரிப் பாசனம் நடந்த பல ஊர்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். மதகைத் திறப்பதும் மூடுவதும், வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சுவதும் அவர் வேலை. ஏரிக்குக் கீழே சொந்த நிலம் இல்லாதவரையே பெரும்பாலும் இதற்கு அமர்த்தினார்கள். தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்பதை அவரே முடிவு செய்தார். நிலக்காரர் யாரும் மடையில் கை வைக்கக் கூடாது. அறுவடை முடிந்ததும் ஒவ்வொருவரும் தங்கள் நிலத்தின் அளவுக்கு ஏற்ப அவருக்கு நெல் அளந்தார்கள். வயலுக்கு வயல் கிணறு வெட்டி மோட்டார் வைத்த பிறகு, பல ஊர்களில் இந்த வேலை மெல்ல மறைந்தது.’

ஏழே வாக்கியங்கள். மூன்று படிக்கும் இது போதும். காரணம், இந்தப் பத்தி சிலவற்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறது. நிலம் இல்லாதவரை ஏன் அமர்த்தினார்கள்? கிணறு வந்தால் இவர் வேலை ஏன் போக வேண்டும்? எல்லாக் காரணத்தையும் தானே சொல்லிவிடுகிற பத்தியிலிருந்து இரண்டாம் படிக் கேள்வி எடுக்கவே முடியாது. ‘மரம் நிழல் தரும், காய் தரும், கனி தரும்’ ரகப் பத்திகளை வைத்துக்கொண்டு பல ஆசிரியர்கள் திண்டாடுவது இதனால்தான்.

மேலிருந்து கீழே

கேள்விகளை முதல் படியிலிருந்து எழுத ஆரம்பிப்பதுதான் இயல்பாக வரும். முதல் வரிக்கு ஒன்று, இரண்டாவது வரிக்கு ஒன்று என்று ஐந்து கேள்வி எழுதி முடிக்கும்போது களைத்துவிடும். கடைசியில் ‘இப்பத்தி உணர்த்தும் கருத்து யாது?’ என்று ஒன்றைச் சேர்த்து முடித்துவிடுவார்கள். எந்தப் பத்திக்குக் கீழேயும் ஒட்டக்கூடிய கேள்வி அது.

மூன்றாம் படியில் தொடங்கினால் நிலைமை மாறும். இந்தப் பத்தியில் வாதாடத் தகுந்த விஷயம் எது? நீர்க்கட்டி நடுநிலையாக இருந்திருப்பாரா என்பதுதான். சொந்த நிலம் இல்லை என்பதால் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்ள முடியாது. ஆனால், அதிக நிலம் உள்ளவர் அதிக நெல் அளக்கிறார். அவர் பக்கம் சாய இடம் இருக்கிறதே! பத்தி இரண்டு பக்கமும் ஆதாரம் வைத்திருக்கிறது. ஆகவே மூன்றாம் படிக் கேள்வி இது: ‘பெரிய நிலக்காரர் பக்கம் நீர்க்கட்டி சாய்ந்திருக்க வாய்ப்பு உண்டா? உண்டு என்பதற்குப் பத்தியிலிருந்து ஒரு வரியும், இல்லை என்பதற்கு ஒரு வரியும் காட்டி, உன் முடிவைச் சொல்.’

வரியைக் காட்டச் சொல்வது முக்கியம். ‘நீர்க்கட்டி முறை பற்றி உன் கருத்து என்ன?’ என்று மட்டும் கேட்டால் அது கடினமான கேள்வி மாதிரி தோன்றும். ஆனால், ‘மிகவும் நல்ல முறை, நாமும் பின்பற்ற வேண்டும்’ என்று பத்தியைத் திறக்காமலேயே எழுதிவிடலாம்.

இந்தக் கேள்விக்கு வர ஒரு மாணவன் எதையெல்லாம் ஊகித்திருக்க வேண்டும்? அதுவே இரண்டாம் படி. ‘தண்ணீர் குறைந்த ஆண்டில், சொந்த வயல் உள்ள ஒருவர் நீர்க்கட்டியாக இருந்திருந்தால் என்ன சிக்கல் வந்திருக்கும்?’ மூன்றாவது வாக்கியத்தையும் நான்காவதையும் சேர்த்தால்தான் விடை வரும். இரண்டாவது கேள்வி, ‘அவரவர் வயலிலேயே கிணறு வந்ததும் நீர்க்கட்டிக்கு ஏன் வேலை இல்லாமல் போனது?’

அதற்கும் முன்னால் எது தெரிய வேண்டும்? யார் முடிவெடுத்தார், அவருக்கு என்ன கிடைத்தது என்பது. அது முதல் படி. இங்கே ‘சில்லன்’ ஆபத்து உண்டு. ‘அறுவடை முடிந்ததும் நீர்க்கட்டிக்கு எதை அளந்தார்கள்?’ என்று கேட்டால் வார்த்தையைப் பொருத்தி ‘நெல்’ என்று எழுதிவிடலாம். ‘நீர்க்கட்டிக்குக் கூலி எப்படிக் கிடைத்தது?’ என்று கேட்டால், பத்தியில் ‘கூலி’ என்ற சொல்லே இல்லை. நெல் அளந்ததுதான் கூலி என்று புரிந்தவனே எழுத முடியும். கேள்வி சுலபம்தான், ஆனால் காப்பி அடிக்க முடியாது. அடுத்தது, ‘எந்த வயலுக்கு முதலில் தண்ணீர் என்று தகராறு வந்தால் யார் பேச்சைக் கேட்க வேண்டும்?’ பத்தியில் தகராறு என்ற சொல்லும் கிடையாது.

இப்படிக் கீழே இறங்கி எழுதினால், மாணவர்கள் மேலே ஏறும்போது ஒவ்வொரு விடையும் அடுத்த கேள்விக்கு உதவும். கூலி நெல்லாகக் கிடைத்தது என்று முதல் படியில் எழுதிய பையன் கையில், மூன்றாம் படிக் கேள்விக்கான பாதி ஆதாரம் ஏற்கெனவே இருக்கிறது.

எதில் தடுக்கி விழுகிறார்கள்?

அதிகம் நடக்கும் பிழை, மதிப்பெண்ணைக் கடினம் என்று நினைப்பது. ஒரு மதிப்பெண் வினா சுலபம், நெடுவினா கடினம் என்ற பழக்கம் நமக்கு ஊறிப்போனது. மனப்பாடம் செய்த ஒரு பக்கக் கட்டுரை நீளமானது, அவ்வளவுதான். ஒரே வரியில் விடை சொல்லக்கூடிய ‘ஏன்’ கேள்வி அதைவிடக் கடினமாக இருக்கலாம். கேள்வியிலேயே கடுந்தமிழைப் போட்டுக் கடினமாக்குவதும் இந்த வகைதான். ‘நீர்க்கட்டியின் ஊதியப் பெறுமுறை யாதென விளக்குக’ என்றால் அது மூன்றாம் படி ஆகிவிடாது. முதல் படிக் கேள்விதான், முகமூடி போட்டிருக்கிறது.

அடுத்தது, படிகளைப் பிள்ளைகளுக்குப் பெயராகச் சூட்டுவது. ‘ஏ குரூப்’, ‘சி குரூப்’ என்று பிரித்த மறுநாளே, சி குரூப்புக்கு என்ன அர்த்தம் என்று வகுப்பே பேசும். படி கேள்விக்குத்தான், பிள்ளைக்கு அல்ல. ஐந்தாவது கேள்வியை எல்லோரும் பார்க்க வேண்டும். உதவிதான் ஆளுக்கு ஆள் மாற வேண்டும். ஊகிக்கத் திணறுகிறவனுக்கு ‘மூன்றாவது வாக்கியத்தையும் நான்காவதையும் சேர்த்துப் படி’ என்று ஒரு துண்டுச் சீட்டு போதும். மடை, மதகு தெரியாத நகரத்துப் பிள்ளைக்குக் கரும்பலகையில் ஒரு கோட்டுப்படம். வாசிப்பே தடுமாறுகிறவனுக்குப் பத்தியைப் பக்கத்தில் இருப்பவர் ஒருமுறை உரக்கப் படித்துக்காட்டட்டும். விடையை வாயால் சொல்லட்டும். வாசிக்க முடியாததும் யோசிக்க முடியாததும் ஒன்றல்ல. வயற்காட்டில் தண்ணீர்ச் சண்டையைப் பார்த்து வளர்ந்த பையன், சாய்வு பற்றிய கேள்விக்கு முதல் மதிப்பெண் மாணவியைவிடக் கூர்மையாகப் பதில் சொல்லலாம்.

நாற்பது நிமிட வகுப்பில் ஐந்து கேள்வியையும் எல்லோரும் எழுதி முடிக்க முடியாது. முதல் படியில் தேர்ந்தவர்கள் மூன்றாவது கேள்வியிலிருந்தே தொடங்கலாம். மற்றவர்கள் முதல் படி இரண்டையும் இரண்டாம் படியில் ஒன்றையும் எழுதினால் போதும். கடைசிப் பத்து நிமிடம் ஐந்தாவது கேள்வியை எல்லோருமாக வாய்விட்டு விவாதிக்கலாம். பத்தி எல்லோருக்கும் ஒன்று என்பதால்தான் இது முடிகிறது.

கேள்விக்கும் பரீட்சை

வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் கேள்விகளைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. பத்தியைக் காட்டாமல் கேள்விகளை மட்டும் வீட்டில் ஒருவரிடமோ, பக்கத்து வகுப்பு ஆசிரியரிடமோ கொடுக்க வேண்டும். பத்தியே இல்லாமல் அவர் சரியாகப் பதில் சொல்லிவிட்டால், அந்தக் கேள்வி பொது அறிவைச் சோதிக்கிறது, வாசிப்பை அல்ல. ‘தண்ணீரை ஏன் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும்?’ இந்தச் சோதனையில் உடனே விழும். ‘கிணறு வந்ததும் வேலை ஏன் போனது?’ என்பதை, விவசாயம் தெரிந்த ஒருவர் பாதி ஊகித்துவிடலாம். கிராமத்துப் பள்ளியில் அது இரண்டாம் படியிலிருந்து ஒரு படி இறங்கிவிடும். ஒரே கேள்வி எல்லா ஊரிலும் ஒரே படியில் நிற்பதில்லை.

இரண்டாவது சோதனை, திருத்திய நோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு செய்வது. இரண்டாம் படிக் கேள்விக்கு வகுப்பே சரியாக எழுதியிருந்தால், விடை பத்தியில் எங்கோ வெளிப்படையாகவே கிடக்கிறது என்று அர்த்தம். நன்றாகப் படிப்பவர்களே முதல் படியில் வரிசையாகத் தவறியிருந்தால், குறை கேள்வியின் வாக்கியத்தில்தான். ஒரு பையன் முதல் படியைத் தவறவிட்டு, ஊகக் கேள்விக்குச் சரியாக எழுதியிருந்தால், பக்கத்தில் பார்த்து எழுதிவிட்டான் என்று உடனே முடிவுகட்டக் கூடாது. கூப்பிட்டு உட்காரவைத்து, ‘எந்த வரியைப் பார்த்து இதை எழுதினே?’ என்று கேட்டால் விரலை வைத்துக் காட்டுவான். அல்லது, ‘எங்க தாத்தா ஊர்ல இப்படித்தான் சார்’ என்பான். இரண்டாவது பதில் வந்தால், அவனுக்கு அடுத்த வாரம் முதல் படிக் கேள்விகளை, பத்தியின் வரி எண்ணையும் சேர்த்து எழுதும்படி கொடுக்க வேண்டும்.