பெயர் சொல்லித் தேடுகிறார்களா?

2021 ஜனவரியில், புதுக்கோட்டை மாவட்டத்து ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ குழுவினருடன் ராகுல் காந்தி காளான் பிரியாணி சாப்பிட்ட வீடியோ நாடு முழுக்கப் பரவியது. பார்த்தவர்களில் பலர் ராகுலுக்காகப் பார்த்திருப்பார்கள். அப்படி வந்த ஒருவர், சில நாள் கழித்து யூடியூபில் சேனலின் பெயரையே அடித்துத் தேடினால் கதை வேறு. பெயர் மனதில் தங்கிவிட்டது. அந்த ஜூலையிலேயே சேனல் 1 கோடி சந்தாதாரர்களைத் தொட்டது.

இந்தத் தேடலை ஓரளவு அளக்க முடியும். சேனல் நடத்துபவர் யூடியூப் ஸ்டூடியோவின் Analytics பகுதியில் Traffic source பட்டியலைத் திறந்து, YouTube search என்பதைச் சொடுக்கினால், என்னென்ன சொற்களைத் தேடி வந்தார்கள் என்பது தெரியும். அதில் சேனல் பெயர் வரும் வரிகளை மட்டும் கூட்ட வேண்டும். தமிழில் அடித்தது, ஆங்கில எழுத்தில் அடித்தது, பிழையாக அடித்தது எல்லாமே கணக்கில் சேரும்.

ஒரு கற்பனைக் கணக்கு. மார்ச்சில் தேடல் வழியாக வந்த பார்வைகள் 4,000. அதில் பெயர் சொல்லி வந்தவை 200. ஜூனில் 6,000க்கு 600. பெயர்த் தேடல் மும்மடங்கானது என்று குதிப்பதைவிட, அதன் பங்கு 5 சதவீதத்திலிருந்து 10 ஆனதைப் பார்ப்பதே சரி. ஒரு வீடியோ ஓடினால் எல்லா எண்ணும் ஏறும். பங்கு அவ்வளவு எளிதில் ஏறாது.

ஆனால் அந்த 600 பேரும் புதியவர்களா? யூடியூபைத் திறந்ததும் பழக்கதோஷத்தில் பெயரை அடித்து உள்ளே வரும் பழைய ரசிகர்கள் எப்போதும் உண்டு. அதனால் சந்தா செலுத்தாதவர்களை மட்டும் வடிகட்டி, இன்னொருமுறை பார்ப்பது நல்லது. அங்கும் பெயர்த் தேடல் கூடியிருந்தால், பெயர் புதிய வீடுகளுக்குப் போயிருக்கிறது என்று நம்பலாம். நிரூபணம் என்று சொல்ல முடியாது. வீடியோவைப் பார்த்தவர்தான் பின்னர் தேடினார் என்று ஸ்டூடியோ ஆளை இணைத்துக் காட்டுவதில்லை. தேடிவிட்டுச் சொடுக்காமல் போனவர்களும் இந்தக் கணக்கில் இல்லை. சேனல் ஏதாவது சர்ச்சையில் சிக்கினாலும் தேடல் எகிறும்; அந்த வாரத்தைத் தனியே வைத்துவிட வேண்டும்.

பெயரே குழப்புவதும் உண்டு. ‘வில்லேஜ் குக்கிங்’ என்று அடிப்பவர் இந்தச் சேனலைத் தேடுகிறாரா, பொதுவாகக் கிராமத்துச் சமையலைத் தேடுகிறாரா? முழுப் பெயரை அடித்த வரியை மட்டும் எடுத்தால் எண் குறையும், ஆனால் சுத்தமாக இருக்கும். பொதுச்சொல்லைப் பெயராக வைத்தவர்களுக்கு இந்தத் தலைவலி தீராது.

போட்டிச் சேனலோடு ஒப்பிட ஆசைப்படுபவர்கள் கூகுள் ட்ரெண்ட்ஸில் YouTube Search என்று மாற்றிப் பார்க்கலாம். அங்கே வரும் 0 முதல் 100 வரையிலான எண், தேடியவர்களின் எண்ணிக்கை அல்ல. ஒப்பிட்டதில் உச்சம் தொட்ட நாளை 100 ஆக வைத்துப் போட்ட அளவு. சிறிய சேனல்களுக்குக் கோடே வராமலும் போகலாம்.