கடையை மூடாமல் பழைய சாப்ட்வேரை மாற்றுவது எப்படி?

புதிய கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "பழைய கம்ப்யூட்டரில் ஓடிய பில்லிங் ப்ரோகிராம் புதியதில் ஓடவில்லை. என்ன செய்வது?" அந்த ப்ரோகிராமைத் திறந்தால் திரையில் `This app can't run on your PC` என்று ஒரு செய்தி வரும். காரணம் எளிது. டாஸ் காலத்து ப்ரோகிராம்கள் 16 பிட் வகையைச் சேர்ந்தவை. இன்று கடையில் கிடைக்கும் 64 பிட் விண்டோஸ் அவற்றை ஏற்பதில்லை. விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது.

உடனே எல்லோருக்கும் தோன்றும் வழி, ஞாயிற்றுக்கிழமை கடையை மூடி, பழையதை எடுத்துவிட்டு, திங்கள் காலையில் புதிய ப்ரோகிராமில் ஆரம்பிப்பது. திங்கள் காலை பத்து மணிக்கு கவுண்டரில் கூட்டம் நிற்கும்போது ஒரு பொருளின் விலை தவறாக வந்தால் திரும்பிப் போக வழி இருக்காது. இதற்கு மாற்றாக உள்ளதுதான் ஸ்ட்ராங்ளர் முறை. பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு வேலையாகப் புதியதற்கு மாற்றும் முறை இது.

பனை மேல் வளரும் ஆல்

நம் ஊரில் பனை மரத்தைச் சுற்றி ஆலமரம் வளர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பறவை போட்ட விதை பனையின் மேலே முளைக்கிறது. வேர்கள் பனையைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கி மண்ணைத் தொடுகின்றன. பல வருடங்கள் கழித்து பனை பட்டுப்போனாலும் ஆல் தன் காலில் நிற்கிறது. மார்ட்டின் ஃபவுலர் என்ற சாப்ட்வேர் நிபுணர் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து காடுகளில் இதுபோன்ற மரங்களைப் பார்த்தார். 2004-ல் எழுதிய கட்டுரையில் இந்த முறைக்கு அந்த மரத்தின் பெயரையே வைத்தார்.

நான் உடனிருந்து மாற்றிக் கொடுத்த ஒரு ஹார்டுவேர் கடையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அங்கு 1997-ல் ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிய பில்லிங் ப்ரோகிராம், 32 பிட் விண்டோஸ் 7 உள்ள இரண்டு கவுண்டர்களில் ஓடியது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, எழுதியவரே அதை மாற்றிக் கொடுத்தார். பிறகு அவர் தொழிலை விட்டுவிட்டார். சோர்ஸ் கோடு கடையில் இல்லை. ஆகவே பழைய ப்ரோகிராமுக்குள் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. 2023-ல் உரிமையாளர் புதிய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கியபோது பிரச்சினை ஆரம்பித்தது.

முதல் வேலை: ஒரே வாசல்

கடைப் பணியாளர்கள் டெஸ்க்டாப்பில் உள்ள ஐகானை அழுத்தி நேராகப் பழைய ப்ரோகிராமுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். முதலில் அந்த ஐகானை நீக்கிவிட்டு, அதே இடத்தில் ஒரு சிறிய மெனுவை வைத்தோம். நோட்பேடில் டைப் செய்து `MENU.BAT` என்ற பெயரில் சேமித்தால் போதும்.

```
@echo off
:menu
cls
echo 1. BILL   2. REPORT   3. EXIT
choice /c 123 /n
if errorlevel 3 exit
if errorlevel 2 goto report
echo %date% %time% OLD >> C:\MENU\USE.LOG
cd /d C:\OLD
start /wait BILL.EXE
goto menu
:report
start /wait C:\NEW\REPORT.EXE
goto menu
```

1-ஐ அழுத்தினால் பழைய பில்லிங் திறக்கும். 2-ஐ அழுத்தினால் புதிதாக எழுதிய ரிப்போர்ட் ப்ரோகிராம் திறக்கும். எது பழையது, எது புதியது என்று பணியாளர் யோசிக்க வேண்டியதில்லை. நாளை பில்லிங்கும் மாறினால் இந்த பைலில் ஓரிரு வரிகளை மாற்றினால் போதும். பிரச்சினை வந்தால் அந்த வரிகளைத் திரும்பப் போட்டுவிடலாம். `USE.LOG` என்ற வரியின் பயனைக் கடைசியில் பார்ப்போம்.

எதை முதலில் மாற்றுவது?

படிக்க மட்டும் செய்யும் வேலையை முதலில் எடுங்கள். ரிப்போர்ட் அப்படிப்பட்டது. அது தவறாக வந்தாலும் கடையின் கணக்கு கெடாது. இரவு கடை மூடியதும் பழைய ப்ரோகிராமின் `.DBF` பைல்களைப் புதிய கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்தோம். புதிய ரிப்போர்ட் அந்தக் காப்பியை மட்டுமே படித்தது.

ஒரு மாதம் பழைய ரிப்போர்ட்டையும் புதிய ரிப்போர்ட்டையும் தினமும் ஒப்பிட்டோம். விற்பனைத் தொகை சரியாக வந்தது. வரித் தொகையில் மட்டும் தினமும் சில பைசாக்கள் வித்தியாசம் வந்தது. ஒரு பில்லை எடுத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. 12.70 ரூபாய் விலையுள்ள மூன்று பொருட்கள், வரி 18 சதவீதம். ஒரு பொருளுக்கு வரி 2.286. பழைய ப்ரோகிராம் ஒவ்வொரு வரிசையிலும் அதை 2.29 ஆக்கி, மூன்றையும் கூட்டி 6.87 என்று போடுகிறது. புதியது 38.10-க்கு மொத்தமாகக் கணக்கிட்டு, 6.858-ஐ 6.86 ஆக்குகிறது.

இரண்டில் எந்த முறை நல்லது என்ற விவாதத்தில் நாங்கள் இறங்கவில்லை. புதியதைப் பழையதைப் போலவே கணக்கிடும்படி மாற்றினோம். இரண்டும் சேர்ந்து ஓடும் காலத்தில் விடைகள் பைசா வரை ஒத்துப்போக வேண்டும். "சில பைசா வித்தியாசம் வழக்கம்தான்" என்று விட்டுவிட்டால், நாளை உண்மையான தவறு வரும்போது அது அந்தச் சில பைசாவுக்குள் ஒளிந்துகொள்ளும்.

ஒரு தகவலுக்கு ஒரே உரிமையாளர்

அடுத்து, பொருள் பட்டியலையும் விலையையும் பதிவு செய்யும் வேலையைப் புதிய ப்ரோகிராமுக்கு மாற்றினோம். அன்று முதல் விலையைப் புதியதில்தான் மாற்ற வேண்டும். பழையதில் அந்த மெனுவை மறைக்க வழியில்லாததால், பணியாளர்களுக்குச் சொல்லி வைத்தோம். இரண்டு இடத்திலும் விலையை மாற்ற அனுமதித்தால் எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் பில் இன்னமும் பழையதில்தான் போடப்பட்டது. ஆகவே புதிய விலை பழைய `ITEM.DBF` பைலுக்கும் போக வேண்டும். முதல் நாளே கவுண்டரிலிருந்து குரல் வந்தது: "அண்ணே, புது ஐட்டத்தை எடுக்க மாட்டேங்குது!" பொருள் அந்த பைலில் இருந்தது. பைலைக் காப்பி எடுத்து எக்செலில் திறந்தால் தெரிந்தது. பில்லில் அதன் எண்ணை டைப் செய்தால் மட்டும் கிடைக்கவில்லை.

காரணம் இண்டெக்ஸ். புத்தகத்தின் கடைசியில் உள்ள சொல் பட்டியல் போல, எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பதை `.IDX` என்ற தனி பைலில் ஃபாக்ஸ்ப்ரோ குறித்து வைக்கிறது. பொருளைத் தேடும்போது இந்தப் பட்டியலைத்தான் பார்க்கும். வேறு ப்ரோகிராம் `.DBF` பைலில் மட்டும் எழுதினால், பட்டியல் பழையதாகவே இருக்கும். கரண்ட் போய் வந்த பிறகு பலரும் அழுத்தும் ரீஇண்டெக்ஸ் என்ற மெனு அந்தப் பட்டியலைப் புதிதாக எழுதுகிறது. அந்த நேரத்தில் வேறு யாரும் பைலைத் திறந்து வைத்திருக்கக் கூடாது.

அதனால் தினமும் காலையில் கடை திறக்கும் முன் விலைகளை அனுப்பி, ரீஇண்டெக்ஸ் செய்வது என்று முடிவு செய்தோம். பகலில் மாற்றிய விலை மறுநாள்தான் கவுண்டருக்குப் போகும். இது ஒரு குறைதான். உரிமையாளரிடம் முன்பே சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொண்டோம்.

பில்லிங்கை மாற்றியது

கடைசியாக பில்லிங். புதிய கம்ப்யூட்டரை மூன்றாவது கவுண்டராக வைத்து, அங்கு மட்டும் புதிய ப்ரோகிராமில் பில் போட்டோம். இரண்டு ப்ரோகிராம்களும் ஒரே பில் எண்ணைக் கொடுத்துவிட்டால் சிக்கல். ஜி.எஸ்.டி. விதிகளின்படி பில் எண் தொடர் வரிசையில் இருக்க வேண்டும். ஒரே நிதியாண்டில் திரும்ப வரக் கூடாது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ளலாம். எனவே பழையது தன் வரிசையிலேயே தொடர, புதியதற்கு `N/1`, `N/2` என்று தனி வரிசை வைத்தோம்.

கையிருப்பைப் பழையதில் பார்ப்பதை நிறுத்திவிட்டோம். அதற்கு மூன்றாவது கவுண்டரின் விற்பனை தெரியாது. இரவில் பழைய பில்களைக் காப்பி செய்து, புதிய பில்களுடன் சேர்த்து, புதிய ப்ரோகிராமே கையிருப்பைக் கணக்கிட்டது. ஆறு வாரம் இப்படி ஓடிய பிறகு இரண்டாவது கவுண்டரை மாற்றினோம். முதல் கவுண்டர் 2023 டிசம்பரில் மாறியது. ஒரு நாளும் கடையை மூடவில்லை.

பழையதை எப்போது நீக்கலாம்?

பல இடங்களில் இந்த முறை நின்றுபோவது இங்கேதான். தொண்ணூறு சதவீத வேலை மாறியதும் அவசரம் குறைந்துவிடும். மீதிக்காகப் பழையதும் வருடக்கணக்கில் ஓடும். இரண்டையும் பராமரிக்கும் வேலை கடைக்காரர் தலையில் விழும்.

"இப்போது யாரும் பழையதைத் திறப்பதில்லை" என்று பணியாளர்கள் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். அதற்குத்தான் மெனுவில் `USE.LOG` வரி. பழையதைத் திறக்கும்போதெல்லாம் நாளும் நேரமும் அதில் பதிவாகும். பில்லிங்கைப் புதியதற்கு மாற்றியபோது, பழையதை மெனுவின் கடைசி எண்ணுக்குத் தள்ளி, இந்த வரியையும் அதனுடன் வைத்தோம்.

ஜனவரி முதல் மார்ச் வரை பைலில் புதிய வரி எதுவும் இல்லை. மூன்று மாதம் போதும் என்று நீக்கியிருக்கலாம். ஆனால் 2024 ஏப்ரலில் இரண்டு வரிகள் பதிவாகியிருந்தன. ஆடிட்டர் கேட்கும் ஆண்டு இறுதி கையிருப்பு ரிப்போர்ட்டுக்காகக் கணக்குப் பிள்ளை பழையதைத் திறந்திருந்தார். வருடத்தில் ஒரு முறை மட்டுமே எடுக்கும் ரிப்போர்ட் என்பதால், அது யார் நினைவுக்கும் வரவில்லை. கையிருப்பு மாதக்கணக்கில் புதியதில் இருந்ததால் பழையது காட்டிய எண்களும் சரியில்லை. அந்த ரிப்போர்ட்டையும் புதியதில் எழுதினோம்.

எனவே பழையதை நீக்கும் முன் ஒரு மார்ச் 31-ஐயாவது தாண்டிவிடுங்கள். நாங்கள் இரண்டைத் தாண்டி, 2025 மே மாதம் நீக்கினோம். பழைய பில்களை மட்டும் சாதாரண `.CSV` பைல்களாக மாற்றி இரண்டு இடங்களில் வைத்திருக்கிறோம். ஜி.எஸ்.டி. கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும்.

2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. அப்போது அந்தக் கடையில் வரியை மாற்ற வேண்டியிருந்தது ஒரே ஒரு ப்ரோகிராமில்தான்.